சர்க்கரையும் ஈறும்: வலிக்காமல் வளரும் புண்

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கால் விரலில் சின்னக் கீறல் பட்டாலே பதறிப்போவார்கள். அதே ஆள் பல் துலக்கும்போது தினமும் ரத்தம் துப்புவார்; அதைப் பொருட்படுத்த மாட்டார். பிரஷ் கடினமாக இருக்கிறது என்று வேறு பிரஷ் வாங்குவார். காலில் வந்தாலும் ஈறில் வந்தாலும் புண் புண்தான்.

ஈறு பல்லோடு ஒட்டுகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதன் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அங்கே சேரும் அழுக்குப் படலத்தை அகற்றாவிட்டால் அது கல் போல இறுகிக் காரையாகிறது. அதை ஒட்டி வாழும் கிருமிகளால் ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகுகிறது. பள்ளம் 5, 6 மில்லிமீட்டர் பையாக மாறுகிறது. பையின் உட்சுவர் முழுக்கப் புண். பல பற்களைச் சுற்றியும் இப்படி இருந்தால், கூட்டிப் பார்க்கையில் பல சதுர சென்டிமீட்டர் புண் வாய்க்குள் திறந்து கிடக்கிறது. பெரும்பாலும் வலியே இருக்காது.

ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன. ஈறின் நுண் ரத்தக் குழாய்களும் பழுதாவதால் ஆறுவது தாமதமாகிறது. இன்னொரு பக்கம், வீக்கம் அடங்காமல் நீடித்துப் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைக்கிறது. எச்சில் குறைந்து வாய் உலர்வதால் சொத்தையும் நாக்கில் வெண்படலமும் சேர்ந்து வரும். ஈறில் அடுத்தடுத்துச் சீழ்க்கட்டி வந்ததால் பல் மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப, அங்கேதான் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியவந்தவர்களும் உண்டு.

பாதிப்பு எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஈறுப் புண்ணிலிருந்து ரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருட்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. அதனால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 52 வயதுக்காரர், பத்து வருடச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1. கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. வயசாச்சு, பிடுங்கிடலாம் என்றுதான் வருகிறார். மருத்துவர் அளவுக் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் மெல்ல இறக்கிப் பார்க்கிறார். கடைவாயில் 6, 7 மில்லிமீட்டர். தொட்ட இடமெல்லாம் ரத்தம். எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருக்கிறது. இரண்டு, மூன்று தடவை வரவழைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை காரையைச் சுரண்டி எடுக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால் பல பைகள் 4 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். இத்தகைய சிகிச்சையால் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரைக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் இது மாற்று இல்லை. ஆனாலும் அவற்றுக்கு மேல் கிடைக்கும் நல்ல பலன். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம்.

‘கிளீன் பண்ணினா பல் ஆடும்’ என்ற பேச்சால் எத்தனையோ பேர் பல்லை இழந்திருக்கிறார்கள். அதுவரை பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது காரை; அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். புகைப்பவர்களுக்கு ரத்தம் அவ்வளவாக வராது. அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அந்த மருந்தாலேயே ஈறு தடிக்கும். மாத்திரைச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

சர்க்கரை இருப்பது தெரிந்த உடனே ஒரு முறை ஈறுப் பையை அளந்துவிட வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஈறு நோய் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. டார்ச் அடித்துப் பற்களை மட்டும் பார்த்து அனுப்பினால் அது முழுப் பரிசோதனை இல்லை. கடைசி ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். பல் பிடுங்கப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், டிபனும் மாத்திரையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு காலை நேரத்தில் போங்கள். மரத்துப்போக ஊசி போட்டபின் பல மணி நேரம் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். சர்க்கரை மிக அதிகமாக இருந்தால், அவசரமில்லாத பல் பிடுங்கலை மருத்துவர் தள்ளிவைப்பார்.

தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்கச் சிரமப்பட்டு, காய்ச்சலும் இருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. கிராம்பு வைத்து ராத்திரியை ஓட்டாதீர்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைக்கும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.