மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு வரும் அறிக்கை

தானாக ஓடும் மாத அறிக்கையைக் கவனித்துவந்த பகுப்பாய்வாளர் வேலை மாறிப் போகும்போது, அடுத்து வருபவருக்காக எழுதிவைப்பது ஒப்படைப்புக் குறிப்பு. அலுவலகங்களில் இதை ஹேண்டோவர் நோட் என்றே சொல்கிறார்கள். புரோகிராம் என்ன செய்கிறது என்பதை அதைத் திறந்து படித்தாலே ஓரளவு புரிந்துவிடும். ஏன் அப்படிச் செய்கிறது, வெளியே எதை நம்பி ஓடுகிறது, வந்த எண் சரிதானா என்று எதை வைத்துப் பார்ப்பது ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்காது. குறிப்பில் வரவேண்டியவை இவைதான்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். தென் மாவட்டங்களில் சில கிளைகளும் புதுச்சேரியில் ஒன்றும் அதற்கு உண்டு. பில்கள் எல்லாம் ஒரே டேட்டாபேஸில் சேர்கின்றன. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு ஒரு புரோகிராம் ஓடி, முந்தைய மாத விற்பனையைக் கிளைவாரியாகக் கூட்டி, எக்செல் கோப்பாக்கி மேலாளர்களுக்கு மெயில் அனுப்புகிறது. பத்து மணிக் கூட்டத்தில் அதை வைத்துத்தான் பேச்சு நடக்கும்.

அதை ஓட்டிவைப்பது லினக்ஸ் சர்வரில் உள்ள கிரான் என்னும் நேர அட்டவணை. அதில் இருப்பது ஒரே ஒரு வரி:

```
30 0 3 * * /opt/report/run.sh
```

மூன்றாம் தேதி, பூஜ்யம் மணி முப்பது நிமிடம் என்று இதற்குப் பொருள். சர்வரின் கடிகாரம் சர்வதேசப் பொது நேரத்தில் ஓடுவதால் இந்திய நேரப்படி அது காலை ஆறு மணி. குறிப்பில் இதைச் சொல்லாமல் விட்டால், புதிதாக வந்தவர் தப்பாக இருக்கிறதே என்று நினைத்து ஆறு மணி என்றே திருத்திவைப்பார். அறிக்கை பதினொன்றரைக்கு வரும், அதற்குள் கூட்டம் முடிந்திருக்கும். முதல் தேதியை விட்டு ஏன் மூன்றாம் தேதி என்பதற்கும் காரணம் உண்டு. மாதக் கடைசி நாளின் ரிட்டர்ன்களைக் கிளைகள் இரண்டாம் தேதி இரவு வரை பதிவு செய்கின்றன. அட்டவணையை முதல் தேதிக்கு மாற்றினாலும் புரோகிராம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடும், விற்பனை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இந்த வகைக் காரணங்களை எழுத இரண்டு வரி போதும். ஆனால் எழுதுபவருக்கு அவை பழகிப்போனவை என்பதால் பெரும்பாலான குறிப்புகளில் விடுபடுவதும் இவைதான்.

சாதாரண கிரானுக்கு இன்னொரு குணமும் உண்டு. குறித்த நேரத்தில் சர்வர் அணைந்திருந்தால், பிறகு எழுந்து விட்டதைப் பிடிக்காது. அந்த மாத ஓட்டம் போனது போனதுதான். ஆறரைக்குள் மெயில் வரவில்லை என்றால் யார் எங்கே பார்க்கவேண்டும் என்பது குறிப்பின் முதல் பக்கத்திலேயே இருப்பது நல்லது.

அடுத்தது, ஒரு மாதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருந்தாலும், மாத அறிக்கைகளில் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். 2025 ஜனவரி விற்பனைக்குக் குவெரி எழுதச் சொன்னால் பலரும் இப்படி எழுதுவார்கள்:

```sql
WHERE bill_time BETWEEN '2025-01-01' AND '2025-01-31'
```

`bill_time` என்ற பத்தியில் தேதியுடன் நேரமும் இருக்கிறது. அதனால் டேட்டாபேஸ் '2025-01-31' என்பதை 31-ஆம் தேதி நள்ளிரவு பூஜ்யம் மணி என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு, காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து போட்ட பில் முதல் ராத்திரி போட்ட பில் வரை எதுவும் கணக்கில் வராது. ஜனவரியின் உண்மையான விற்பனை 3,10,40,000 ரூபாய், அதில் 31-ஆம் தேதி மட்டும் 17,60,000 என்றால், அறிக்கையில் 2,92,80,000 என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாதா மாதம் இதே குறை இருப்பதால் முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டாலும் சந்தேகம் எழாது. நாள்வாரிக் கூட்டலைப் போட்டுப் பார்த்தால் மட்டும் கடைசி நாள் காலியாக நிற்கும். சரியான வடிவம் இது:

```sql
WHERE bill_time >= '2025-01-01'
  AND bill_time <  '2025-02-01'
```

பிப்ரவரி முதல் தேதிக்கு முந்தைய எல்லாம் ஜனவரி. குவெரி இந்த வடிவில் இருப்பது வேண்டுமென்றே செய்தது என்று குறிப்பில் எழுதவேண்டும். இல்லையென்றால் அடுத்து வருபவர் அழகுபடுத்துகிறேன் என்று பழைய வடிவத்துக்கே கொண்டுபோய் விடுவார்.

தானாக ஓடுகிறது என்று சொன்னாலும் உள்ளே எங்காவது ஒரு மனிதக் கை இருக்கும். இந்த அறிக்கையில் அது கிளைப் பட்டியல். எந்தக் குறியீடு எந்தக் கிளை, அது எந்த மண்டலம் என்பது ஒரு சின்ன எக்செல் கோப்பில் இருக்கிறது. புதுக் கிளை திறந்தால் பகுப்பாய்வாளர் ஒரு வரி சேர்க்கவேண்டும். பில்களையும் இந்தப் பட்டியலையும் இணைக்கும் குவெரியில் `INNER JOIN` இருந்தால், பட்டியலில் இல்லாத கிளையின் பில்கள் சத்தமில்லாமல் கழன்றுவிடும். `LEFT JOIN` இருந்தால் பெயரில்லாத ஒரு வரியாகவாவது அறிக்கையில் வந்து நிற்கும், பார்ப்பவர் கேள்வி கேட்பார். எந்த இணைப்பு இருக்கிறது, புதுக் கிளை திறக்கும் செய்தி எந்தத் துறையிலிருந்து யாருக்கு வரும் என்ற இரண்டும் குறிப்பில் வேண்டும். நடைமுறையில் இரண்டாவதுதான் கடினம். அந்தச் செய்தி பெரும்பாலும் யாருக்கும் வருவதில்லை.

வரிகள் சத்தமில்லாமல் காணாமல்போவதற்கு உலகறிந்த உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்தின் தினசரி எண்ணிக்கையில் சேரவில்லை. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த தரவை எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது, மிஞ்சியவை வெட்டுப்பட்டன. புதிய வடிவத்தின் எல்லை 10,48,576 வரிகள். மதுரை நிறுவனத்தின் அறிக்கை கூட்டல்களை மட்டும் எழுதுவதால் இந்த எல்லை அதற்குத் தொலைவில் இருக்கிறது. பில்வாரி விவரத்தையும் ஒரு தாளில் இணைக்கவேண்டும் என்று யாராவது கேட்கும் நாளில், மாதத்துக்கு எத்தனை பில் வரிகள் என்ற எண் குறிப்பில் இருந்தால் உதவும்.

இப்படி எதுவும் கழன்றுவிடவில்லை என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வேறொரு இடத்தில் தனியாகச் சேர்ந்த கணக்கோடு ஒப்பிடுவது. இந்த நிறுவனத்தில் அது கணக்குப் பிரிவின் டேலி. ஆனால் இரண்டு எண்களும் எந்த மாதமும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஜனவரியில் டேலியில் 3,14,65,000, அறிக்கையில் 3,10,40,000, வித்தியாசம் 4,25,000. இதில் 3,90,000 புதுச்சேரிக் கிளைக்கு அனுப்பிய சரக்கு. ஒரே நிறுவனம் என்றாலும் அங்கே தனி ஜி.எஸ்.டி. பதிவு இருப்பதால், சட்டத்தின் பார்வையில் அது வேறொருவருக்குச் செய்த சப்ளை. வரியுடன் பில் போட்டாக வேண்டும். கணக்குப் பிரிவு அந்தப் பில்லை விற்பனைத் தலைப்பிலேயே ஏற்றுகிறது. விற்பனை மேலாளருக்கோ அது சொந்தக் கிடங்குக்குப் போன சரக்கு, அறிக்கையிலிருந்து கழித்தாயிற்று. மீதி 35,000 பில்லில் சேர்த்து வசூலித்த பார்சல் கூலி. 3,90,000-உம் 35,000-உம் சேர்ந்து 4,25,000, கணக்கு நேராகிறது.

பிப்ரவரியில் தேனியில் புதுக் கிளை திறந்ததாகவும், பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். மார்ச் மூன்றாம் தேதி வித்தியாசம் 10,40,000 என்று வருகிறது. புதுச்சேரிச் சரக்கு 3,80,000, பார்சல் கூலி 30,000 போக 6,30,000 அந்தரத்தில் நிற்கிறது. குறிப்பில் வித்தியாசத்தின் இரண்டு காரணங்களும் எழுதப்பட்டிருந்தால், மூன்றாவதாக ஏதோ புகுந்திருக்கிறது என்று புதியவருக்கு உடனே புரியும். டேட்டாபேஸில் கிளைக் குறியீடு வாரியாகக் கூட்டினால் `THN` என்ற, பட்டியலில் இல்லாத குறியீட்டில் சரியாக 6,30,000 இருக்கும். டேலியோடு ஒப்பிடவும் என்று மட்டும் எழுதிய குறிப்பால் இது நடக்காது. வித்தியாசம் எப்போதும் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, பத்து லட்சத்தையும் அவர் கடந்துபோயிருப்பார்.

புரோகிராம் யாருடைய பெயரில் ஓடுகிறது என்பது அடுத்த சிக்கல். கிரான் அட்டவணை ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. புதியவர் தன் கணக்கில் நுழைந்து `crontab -l` என்று தட்டினால் ஒன்றும் இல்லை என்றே பதில் வரும், ஏனென்றால் அந்த வரி பழையவருடைய கணக்கில் கிடக்கிறது. பழையவர் விலகியதும் அவர் கணக்கை மூடுவார்கள், அடுத்த மூன்றாம் தேதி அறிக்கை வராது. டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் மெயில் அனுப்பும் முகவரியும் அவருடையதாகவே இருந்திருந்தால் மூன்றும் சேர்ந்து நிற்கும். எனவே குறிப்பு எழுதத் தொடங்கும் முன்பே, ஓட்டத்தைத் தனி ஆளுக்குச் சொந்தமில்லாத பொதுக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். குறிப்பில் கடவுச்சொல்லை எழுதக்கூடாது. அது எங்கே பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது, யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்பது போதும்.

மறுபடி ஓட்டும் முறையும் தெளிவாக இருக்கவேண்டும்.

```
python report.py --month 2025-01 --no-mail
```

இந்த நிறுவனத்தின் புரோகிராமில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் திருத்தாத கோப்பு எல்லா மேலாளர்களுக்கும் போய்விடும். ஒரே மாதத்தை இரண்டு முறை ஓட்டினால் பழைய வரிகளை அழித்து எழுதுமா, மேலும் சேர்த்து விற்பனையை இரட்டிப்பாக்குமா என்பதும் தெரியவேண்டும். இன்னொன்று, ஜனவரி அறிக்கையை மார்ச்சில் ஓட்டினால் பிப்ரவரியில் அனுப்பிய எண்ணே வராது. காலாவதி மருந்துகளைக் கடைகள் மாதங்கள் கழித்துத் திருப்பும்போது, அதற்கான கழிவை மூல பில்லின் தேதியிலேயே இந்த நிறுவனம் பதிகிறது. ஆகவே அனுப்பிய கோப்புகளின் மாறாத நகல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் எழுதிவைப்பது வழக்கம்.

குறிப்பு முழுமையானதா என்று பார்க்க, பழையவர் இன்னும் அலுவலகத்தில் இருக்கும்போதே, புதியவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு போன மாத அறிக்கையைத் தயாரிக்கவேண்டும். பழையவர் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. வந்த எண்களை அனுப்பிய நகலோடு பைசா வரை ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் தாமதமாகப் பதிவான ரிட்டர்ன்களா வேறு ஏதாவதா என்று பார்க்கவேண்டும். புதியவர் கேள்வி கேட்க நேர்ந்த ஒவ்வொரு இடத்தின் பதிலும் அன்றைக்கே குறிப்பில் ஏறவேண்டும்.