வெற்று லேபிள் எங்கே நிற்கிறது?

கடைகளுக்கு பில்லிங் மெஷினும் பார்கோடு பிரிண்டரும் வைத்துக் கொடுப்பது என் தொழில். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஈரோட்டில் ஒரு ரெடிமேட் கடையிலிருந்து போன் வந்தது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க தம்பி ஓடுச்சு. இன்னிக்குப் புது ரோல் மாட்டினோம். ஒண்ணு அடிக்குது, ரெண்டு வெத்தா வருது, அப்புறம் சிவப்பு லைட் போட்டு நின்னுக்குது" என்றார் கடைக்காரர்.

பிரிண்டர் வெற்று லேபிள் தள்ளுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வெற்று லேபிள் எங்கே வந்து நிற்கிறது? கிழிக்கும் விளிம்பில், இரண்டு லேபிளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒழுங்காக நிற்கிறதா, இல்லை பாதி லேபிளில் நின்றும் இரண்டு மூன்றாக ஓடியும் போகிறதா? ஓடிப் போனால் பிரிண்டருக்கு லேபிள் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. சரியான இடத்தில் நின்றும் எழுத்து விழவில்லை என்றால் லேபிள் தெரிகிறது, மைதான் ஏறவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டாவது வகைக்கு நாள் முழுக்க கேலிப்ரேஷன் செய்தாலும் ரோல் தீருமே தவிர ஒரு எழுத்தும் வராது.

இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர்கூட வேண்டாம். பிரிண்டரில் இருக்கும் ஃபீட் பட்டனை ஒரு முறை அழுத்தினால் போதும். ஒரே ஒரு லேபிள் நகர்ந்து இடைவெளியில் நின்றால் சென்சார் நலமாக இருக்கிறது. நான் போய் அந்தக் கடையில் அழுத்தியபோது நாலைந்து லேபிள் சரசரவென்று ஓடி, சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தச் சென்சார் செய்யும் வேலை எளிமையானது. லேபிள் ரோலில் இரண்டு அடுக்கு இருக்கிறது. கீழே வழுவழுப்பான பின்தாள், மேலே பசையோடு ஒட்டியிருக்கும் லேபிள். இரண்டு லேபிளுக்கு நடுவே வழக்கமாக 3 மில்லிமீட்டர் அளவுக்கு வெறும் பின்தாள் மட்டும் இருக்கும். தாள் போகும் பாதையில் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் விளக்கு, எதிர்ப்பக்கம் அதை வாங்கும் கண். லேபிள் நடுவில் இருந்தால் இரண்டு அடுக்கைத் தாண்டி கொஞ்சம் ஒளிதான் வரும். இடைவெளி வந்தால் ஒரே அடுக்கு, ஒளி கூடுதலாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்டைப் போட்டு, 'ஒளி இதற்கு மேல் போனால் இடைவெளி' என்று பிரிண்டர் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கோட்டைப் புதிதாகப் போடுவதற்குப் பெயர்தான் கேலிப்ரேஷன்.

பழைய ரோலில் மிச்சமிருந்த ஒரு துண்டை வாங்கினேன். பழையதிலும் புதியதிலும் லேபிளை உரித்துவிட்டு, வெறும் பின்தாள்களை மட்டும் டியூப் லைட்டுக்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். பழையது வெள்ளையாக, எண்ணெய்த்தாள் மாதிரி ஒளியை விட்டது. பின்னால் பிடித்த பேனாவின் நிழல் தெளிவாகத் தெரிந்தது. புதியது பழுப்பு நிறம், கொஞ்சம் தடிமன். பேனா மங்கலாகத்தான் தெரிந்தது. புரிவதற்காக நானே ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய ரோலில் லேபிள் வழியாக 20 பங்கும் இடைவெளி வழியாக 80 பங்கும் ஒளி வந்திருந்தால், கோடு 50-ல் இருந்திருக்கும். புதிய ரோலின் இடைவெளியில் 45 பங்குதான் வருகிறது என்று வையுங்கள். 45 எப்போதும் 50-ஐத் தொடாது. இடைவெளி வருகிறது, போகிறது, பிரிண்டருக்குத் தெரிவதே இல்லை. தேடிக்கொண்டே தாளை ஓட்டும், குறிப்பிட்ட தூரம் போயும் கிடைக்காவிட்டால் சிவப்பு விளக்கைப் போட்டு நிற்கும். ரோல் கெட்டது இல்லை, பிரிண்டரும் கெட்டது இல்லை. பழைய ரோலுக்குப் போட்ட கோடு இந்த ரோலுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

கோட்டைப் புதிதாகப் போடும் முன் சென்சாரைத் துடைத்துவிட வேண்டும். இதை நான் ஒரு தடவையும் விடுவதில்லை. மூடியைத் திறந்து தாள் பாதையைப் பார்த்தேன். பேப்பர் தூசியோடு, ஓரம் மடிந்து கிழிந்த ஒரு குட்டி லேபிள் சென்சார் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் மெதுவாக எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் எதையும் உள்ளே விடக் கூடாது. ஹெட்டில் ஒரு கீறல் விழுந்தால் அதோடு ஹெட்டையே மாற்ற வேண்டி வரும்.

அடுத்து, ரோலை ஒரு பக்கமாக இழுக்காமல் தாள் வழிகாட்டிகளுக்கு நடுவே நேராகப் போட வேண்டும். சென்சார் சில மாடல்களில் ஒரே இடத்தில் பொருத்தியிருக்கும், சிலவற்றில் நகர்த்தலாம். இரண்டு வரிசை லேபிள் ரோல் போடும் கடைகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு வரிசைக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் பின்தாள் பாதை நேராகச் சென்சாருக்கு மேல் வந்துவிட்டால், அதற்கு எப்போதும் இடைவெளிதான் தெரியும், லேபிளே தெரியாது.

டிஎஸ்சி டிஈ200 வரிசை மாதிரி ஒரே பட்டன் உள்ள பிரிண்டரில் கேலிப்ரேஷன் இப்படி: பவரை அணைத்துவிட்டு, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவரைப் போட வேண்டும். விளக்கு முதலில் மஞ்சளாக எரியும், பிறகு சிவப்பாக ஐந்து முறை மினுக்கும். அந்தச் சிவப்பு மினுக்கலின்போது விரலை எடுத்துவிட வேண்டும். விட்டதும் பிரிண்டர் சில லேபிள்களை வெறுமையாகத் தள்ளி அளவெடுக்கும். இந்த வெற்று லேபிளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அளவெடுக்கத் தாள் ஓடித்தான் ஆக வேண்டும். விரலை எடுக்காமல் அடுத்து வரும் மஞ்சள் மினுக்கல் வரை பிடித்துவிட்டால் செல்ஃப் டெஸ்ட் அடித்து, வரும் கட்டளைகளை அப்படியே எண்களாக அச்சிடும் நிலைக்குப் போய்விடும். பதற வேண்டியதில்லை, அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வரும்.

பட்டனால் அளவெடுக்கும்போது, இதற்கு முன் பிரிண்டருக்கு எந்த வகைத் தாள் என்று சொல்லப்பட்டதோ அதைத்தான் தேடும். கடைசியாக யாராவது 'இடைவெளியே இல்லாத தொடர் தாள்' என்றோ, பின்புறம் கறுப்புக் கோடு உள்ள தாள் என்றோ அமைத்திருந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இல்லை. அதனால் நான் கட்டளையாகவே அனுப்புவேன். 50-க்கு 25 மில்லிமீட்டர் லேபிள், 3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால்:

```
SIZE 50 mm,25 mm
GAP 3 mm,0 mm
GAPDETECT
```

முதல் இரண்டு வரியும் லேபிளின் அளவையும் இடைவெளியையும் சொல்கின்றன. மூன்றாவது வரி, தாளை ஓட்டிப் பார்த்து நீயே அளவெடுத்துக்கொள் என்கிறது. பின்தாளே ஒளி புகாத தடிமன் என்றால் இந்த வழி உதவாது. அதற்குப் பின்புறம் கறுப்புக் கோடு அச்சிட்ட ரோல் வாங்கி, எதிரொளியைப் பார்க்கும் வேறு சென்சாரைப் பயன்படுத்த வேண்டும்.

அந்தக் கடையில் கேலிப்ரேஷன் முடிந்தது. ஃபீட் அழுத்தினேன், ஒன்றே ஒன்று நகர்ந்து, கிழிக்கும் விளிம்பில் அச்சாக நின்றது. மூன்று முறை அழுத்திப் பார்த்தேன், மூன்றும் சரி. ஆனால் பில்லிங் சாப்ட்வேரிலிருந்து ஐந்து லேபிள் அடிக்கச் சொன்னதும் ஒன்று அச்சு, ஒன்று வெற்று, ஒன்று அச்சு, ஒன்று வெற்று என்றே வந்தது.

சென்சார் சரி என்பது ஃபீட் பட்டனில் தெரிந்துவிட்டது. அப்படியானால் குறை கம்ப்யூட்டர் பக்கம். டிரைவரில் லேபிள் உயரத்தைத் திறந்தால் 28 என்று இருந்தது. பில் போடும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "காலையில சரியா வரலீங்கண்ணா. ஸ்கேல் வெச்சு அளந்து பார்த்தேன். இந்த லேபிள் மேல்முனையிலிருந்து அடுத்த லேபிள் மேல்முனை வரைக்கும் 28 இருந்துச்சு. அதைப் போட்டேனுங்க."

அளந்ததில் தவறில்லை, அளக்கத் தொடங்கிய இடமும் முடித்த இடமும்தான் தவறு. 25 லேபிள், 3 இடைவெளி, சேர்த்து 28. ஆனால் டிரைவர் உயரம் என்று கேட்பது லேபிளை மட்டும். இடைவெளியைத் தனிக் கட்டத்தில் கேட்கிறது. உயரத்தில் 28 போட்டால், அச்சு முடிவதற்குள் தாள் இடைவெளியைத் தாண்டி அடுத்த லேபிளின் ஆரம்பத்துக்கு வந்துவிடும். பிறகு பிரிண்டர் தேடுவது அதற்கும் அடுத்த இடைவெளியை. நடுவில் மாட்டிய லேபிள் வெறுமையாக வெளியே வரும். உயரத்தை 25, இடைவெளியை 3 என்று மாற்றி, தாள் வகையில் இடைவெளி உள்ள லேபிள் என்று வைத்தோம். ஐந்துக்கு ஐந்தும் அச்சாக வந்தன. அந்தப் பெண்ணிடம் ஒரு லேபிளை உரித்துக் கொடுத்து, அதன் மேல் ஸ்கேலை வைத்து அளக்கச் சொன்னேன். இருபத்தைந்து என்று வாய்விட்டுப் படித்தார்.

இரண்டு மாதம் கழித்து அதே கடையிலிருந்து மறுபடி போன். "ஒண்ணுமே விழலீங்க தம்பி. எல்லாமே வெள்ளையா வருது." எங்கே நிற்கிறது என்று கேட்டேன். "இடைவெளியில கரெக்டா நிக்குது" என்றார். போனிலேயே கேலிப்ரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் லேபிளை நகத்தால் அழுத்திக் கீறச் சொன்னேன். நேரடி வெப்பத் தாளாக இருந்தால் கறுப்புக் கோடு விழும், ரிப்பன் இல்லாமலே அச்சாகும். கோடு விழவில்லை. அது குரோமோ தாள், ரிப்பனிலிருந்து மை உருகி ஒட்டினால்தான் எழுத்து வரும். ரிப்பன் இருக்கிறதா என்றால் அன்று காலைதான் புதிது மாட்டியிருக்கிறார்கள். அடுத்து ஒரு லேபிளை உரித்து, அதன் பசைப் பக்கத்தை ரிப்பனின் லேபிளைப் பார்க்கும் பக்கத்தில் ஒட்டி எடுக்கச் சொன்னேன். பசை சுத்தமாக வந்தது. எதிர்ப்பக்கத்தில், அதாவது ஹெட்டைத் தொடும் பக்கத்தில் ஒட்டி எடுத்தபோது கறுப்பாக மை பிடித்துக்கொண்டு வந்தது. மை வெளிப்புறம் சுற்றிய ரிப்பன் வேண்டிய மெஷினுக்கு, மை உட்புறம் சுற்றிய ரிப்பன் வந்திருக்கிறது. மை முழுக்க ஹெட்டிலேயே உருகிக்கொண்டிருந்தது.

"இதை இப்படியே ஓட்டலாமுங்களா?" என்று கேட்டார். உடனே பவரை அணைத்து, ஹெட் ஆறும்வரை பொறுத்து, ஆல்கஹால் பஞ்சால் ஒரே திசையில் துடைக்கச் சொன்னேன். பஞ்சு மூன்று முறை கறுப்பாக வந்து, நாலாவது முறை வெள்ளையாக வந்தது என்று அவரே வரிசையாகச் சொன்னார். மாலையில் சரியான ரிப்பன் வாங்கி மாட்டியதும் அந்தப் பெண்ணே போன் செய்தார். போனுக்குப் பக்கத்தில் ஸ்கேனர் 'பீப்' என்று அடித்த சத்தம் எனக்கும் கேட்டது.