மாற்றுத்திறனாளி உறவினருக்கான வரிக் கழிவு: 75 ஆயிரமா, ஒன்றே கால் லட்சமா?

கண்ணமங்கலத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வயதான பெற்றோருடன், விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருக்கும் தம்பி. மூத்த அண்ணன் சென்னையில் தனியார் நிறுவன ஊழியர், இன்னொரு அண்ணன் வளைகுடாவில். தம்பியின் பிசியோதெரபி, மருந்து, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் எல்லாம் சென்னை அண்ணன் அனுப்பும் பணத்தில்தான் நடக்கிறது.

இவருக்காகத்தான் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் மாற்றுத்திறனாளியான ஒருவர் நம்மையே முழுமையாகவோ பெரும்பாலுமோ நம்பி இருந்தால், நம் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 75,000 ரூபாய். 80 சதவீதம் தொட்டால் 1,25,000. இடையில் எதுவும் கிடையாது. சான்றிதழில் 78 சதவீதம் என்றிருந்தால் 75,000 மட்டும்தான்.

இது செலவுக் கணக்கல்ல. சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ மறுவாழ்வுக்கோ ஆண்டில் 30,000 ரூபாய்தான் செலவானது என்றாலும் முழுத் தொகையும் கழியும்; மூன்று லட்சம் செலவானாலும் அதே தொகைதான். ஆனால் ஏதோ ஒரு செலவு உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். ரசீதுகளை எடுத்து வைத்திருங்கள். தம்பியே தனக்கு வருமானம் இருந்து 80யு பிரிவில் கழிவு கோரியிருந்தால், அண்ணன் கோர முடியாது.

வளைகுடா சகோதரர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுவோம். வரிச் சட்டப்படி அந்த ஆண்டில் இந்தியாவில் வசிப்பவராகக் கணக்கிடப்படுபவருக்கே இந்தக் கழிவு. ஆண்டு முழுவதும் வெளிநாட்டில் இருப்பவர், ஊரில் வாடகை வருமானம் காட்டி வரி கட்டினாலும், இதைக் கோர இயலாது.

சான்றிதழில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தனியார் மருத்துவர் எழுதித் தரும் கடிதம் போதாது. அரசு மருத்துவ அதிகாரி சதவீதம் குறிப்பிட்டுத் தர வேண்டும். swavlambancard.gov.in தளத்தில் விண்ணப்பித்துப் பெறும் தேசிய அடையாள அட்டையின் எண்ணை வருமான வரிப் படிவமும் கேட்கிறது. நம் ஊர் திருவண்ணாமலை மாவட்டம் என்றாலும், சிகிச்சை பெறும் மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்று விதி இருப்பதால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெறுபவர்கள் அங்கேயே கேட்டுப் பார்க்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும் 10-ஐஏ என்ற தனிப் படிவம் தேவை. தற்காலிகச் சான்றிதழ் காலாவதியானால், அந்த நிதியாண்டு வரை கழிவு கிடைக்கும். அடுத்த ஆண்டுக்குப் புதிய சான்றிதழ் வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தக் கழிவு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையே பொருந்தும். 2025–26இல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. அவ்வளவு அல்லது அதற்குக் கீழ் வாங்குபவர் இதற்காக அலைய வேண்டியதில்லை.

நம் சென்னை அண்ணனின் ஆண்டுச் சம்பளம் 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக, செஸ் சேர்த்து வரி 1,13,100.

பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வீட்டு வாடகைப்படி விலக்கு 2,80,000, வருங்கால வைப்பு நிதி வகையில் 1,50,000, மருத்துவக் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 50,000. இதோடு தம்பிக்காக 1,25,000 கழித்தால் மீதி 9,45,000. வரி 1,05,560. புதிய முறையைவிட 7,540 ரூபாய் மிச்சம்.

தம்பியின் சான்றிதழில் 80 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால்? 75,000 மட்டுமே கழிந்து மீதி 9,95,000 ஆகும், வரி 1,15,960. புதிய முறையே 2,860 ரூபாய் லாபம். ஆக, எந்த முறை என்பதையே அந்தச் சதவீதம் தீர்மானிக்கிறது. சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகைப்படி விலக்கு இல்லை. வட்டியைத் தவிர்த்து வாழும் நம்மவர்களுக்கு வீட்டுக் கடன் வட்டிக் கழிவும் இருக்காது. அவர்களில் பலருக்குப் பழைய முறை கட்டுப்படியாகாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சம்பளக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். தாமதமானால் புதிய முறைதான். கடை வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு. பழைய முறைக்குப் போக அவர்கள் 10-ஐஇஏ படிவம் தர வேண்டும். திரும்பி வந்துவிட்டால் மறுபடி பழைய முறைக்குச் செல்ல முடியாது. எனவே அவர்கள் ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அடுத்த சில ஆண்டுகளின் வருமானத்தையும் தணிக்கையாளருடன் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது நல்லது.