ஃபோம் ரோலர்: உருட்டினால் தசை இளகுமா?

எந்த ஜிம்முக்குப் போனாலும் ஒரு மூலையில் அந்த உருளை கிடக்கும். சுமார் 15 சென்டிமீட்டர் விட்டம், ஓரடி முதல் மூன்றடி வரை நீளம். ஓட்டக்காரர்கள் அதன்மேல் தொடையை வைத்து முன்னும் பின்னும் உருண்டுகொண்டிருப்பார்கள். தசை முடிச்சு அவிழும், உடம்பு நன்றாக வளையும், மறுநாள் வலி வராது என்று சொல்லித்தான் ஃபோம் ரோலரை விற்கிறார்கள். இந்தப் பேச்சில் எவ்வளவு நிஜம் என்று கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிறையப் பேர் அளந்து பார்த்திருக்கிறார்கள். உருட்டுவதால் பலன் உண்டு. ஆனால் அது சிறியது, விரைவில் மறைவது. அது எப்படிக் கிடைக்கிறது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணமும் சரியில்லை.

முதலில் வளையும் தன்மையைப் பார்ப்போம். 2013-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை முன்தொடையை உருட்டச் சொன்னார்கள். ஒரு நிமிடம் வீதம் இரண்டு முறை, அவ்வளவுதான். இரண்டு நிமிடம் கழித்து அளந்தபோது முழங்கால் மடங்கும் அளவு ஏறக்குறைய 10 பாகை கூடியிருந்தது. பத்து நிமிடம் கழித்தும் 8 பாகைக்குக் குறையவில்லை. காலின் பலமும் குறையவில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் விளையாட்டுப் பயிற்சியாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரே நிலையில் நெடுநேரம் தசையை இழுத்துப் பிடித்தால், உடனடியாகத் தசையின் பலம் சற்றுக் குறையும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பலத்தை இழக்காமல் வளைவு கிடைக்கிறது என்றால் ஓட்டத்துக்கு முன்பு செய்ய அது பொருத்தமான வேலை.

இந்த வளைவு எங்கிருந்து வருகிறது? தசையைச் சுற்றி ஃபேசியா என்னும் உறை இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டு இறுகிவிடுகிறது, ரோலர் அதை நசுக்கி இளக்குகிறது என்பதுதான் பரவலான விளக்கம். ஆனால் உறையின் வலு இதற்கு இடம் தருவதில்லை. தொடையின் வெளிப்புற உறையையும் பாதத்தின் அடி உறையையும் வெறும் ஒரு சதவீதம் நசுக்கவே எவ்வளவு விசை தேவை என்று 2008-இல் ஓர் ஆய்வுக்குழு கணக்கிட்டது. மனிதக் கை சாதாரணமாகத் தரக்கூடிய அழுத்தத்தைவிட அது வெகு அதிகம். நம் உடல் எடையோடு ரோலர்மேல் ஓரிரு நிமிடம் உருள்வதால் அந்த உறையின் அமைப்பு மாறிவிடும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

இன்னொரு சான்று இதைவிட வியப்பானது. ஒரு காலின் கெண்டைச் சதையை மட்டும் அழுத்தி உருட்டினால், தொடாத மறுகாலின் கெண்டைச் சதையிலும் வலி தாங்கும் அளவு கூடுகிறது. ஒரு பக்கம் உருட்டினால் மறுபக்கக் கணுக்காலும் சற்று அதிகம் மடங்குகிறது என்றும் அளந்திருக்கிறார்கள். வலக்காலின் உறையை நசுக்கி இடக்காலை இளக்க முடியாது. ஆக, மாற்றத்தின் பெரும்பகுதி நிகழ்வது நரம்பு மண்டலத்தில். தசை ஓர் எல்லைக்கு மேல் நீளும்போது இழுவிசையும் வலியும் தோன்றி ‘போதும்’ என்று நிறுத்துகின்றன. உருட்டும்போது தோலிலும் தசையிலும் விழும் அழுத்தம் அந்த எச்சரிக்கையைச் சற்று மட்டுப்படுத்துகிறது. அதோடு உராய்விலும் அசைவிலும் அந்த இடம் கொஞ்சம் சூடாகி, இரத்த ஓட்டமும் கூடுகிறது. தசை நீண்டுவிடவில்லை. இருக்கிற நீளத்தில் இன்னும் கொஞ்சம் தூரம் போக உடம்பு நம்மை அனுமதிக்கிறது.

இது புரிந்தால், பலன் ஏன் நிலைப்பதில்லை என்பதும் புரியும். பெரும்பாலான சோதனைகளில் வளைவு பத்து இருபது நிமிடத்தில் தேயத் தொடங்குகிறது. அது ரோலருக்கே உரிய தனிப் பலனும் அல்ல. 2024-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, உருட்டுதலையும் தசை நீட்டலையும் மற்ற வார்ம்-அப் முறைகளோடு ஒப்பிட்டது. மெதுவாகச் சைக்கிள் மிதித்தாலும் உடற்பயிற்சி செய்து உடம்பைச் சூடாக்கினாலும் அதே அளவு உடனடி வளைவு கிடைக்கிறது என்பதே அதன் முடிவு. நிலையான வளைவு வேண்டுமென்றால் ஒரு நாள் உருட்டுவது எதற்கும் ஆகாது. நான்கு வாரத்துக்கு மேல் விடாமல் செய்த பயிற்சிகளில்தான் மாற்றம் தெரிந்திருக்கிறது, அதுவும் எல்லா மூட்டுகளிலும் ஒரே மாதிரி இல்லை.

உங்களுக்கு இது உதவுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தின் குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, கடைசியாகத் தொட்ட இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கெண்டைக்காலை ஒரு நிமிடம் உருட்டிவிட்டு உடனே அளங்கள், அரைமணி கழித்து மறுபடியும் அளங்கள். வேறொரு நாள் ரோலரைத் தொடாமல், ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு அதே அளவை எடுங்கள். நடையே அதே சென்டிமீட்டரைத் தந்தால் ரோலருக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. உருட்டிய பிறகு தெளிவாகக் கூடுதலாக வந்தால் ஓட்டத்துக்கு முன் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மீட்சி. வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவர்களுக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை. ஏறிய நாளைவிட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தொடை கடுக்கும், மாடிப்படி இறங்க முடியாது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அதைச் சீர்செய்யும் அழற்சி ஓரிரு நாளில் உச்சத்துக்கு வருகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்பார்கள். அது பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே இரத்தத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. மறுநாள் காலை உருட்டி வெளியேற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை.

அப்படியானால் உருட்டி என்ன பயன்? அதே கனடியப் பல்கலைக்கழகத்தில் 2015-இல் செய்த சோதனை இதற்கு நல்ல விடை தருகிறது. எட்டு ஆண்கள். தங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 60 சதவீதத்தைத் தோளில் சுமந்து, பத்துப் பத்தாகப் பத்துச் சுற்று, மொத்தம் 100 ஸ்குவாட். மறுநாள் எழுந்து நடக்கவே யோசிக்க வைக்கும் வேலை. இதை ஒவ்வொருவரும் சில வார இடைவெளியில் இரண்டு தடவை செய்தார்கள். ஒரு தடவை அப்படியே விட்டார்கள். மறு தடவை முடித்த உடனும், 24 மணி நேரம் கழித்தும், 48 மணி நேரம் கழித்தும் 20 நிமிடம் வீதம் கால்களை உருட்டினார்கள். உருட்டியபோது முன்தொடையை அழுத்தினால் வலிக்கும் கூர்மை குறைந்தது. அடுத்த நாட்களில் வேக ஓட்டமும் தாவலும் அவ்வளவாக மந்தப்படவில்லை.

இதை நம்பலாமா? ஓரளவுக்கு. எட்டுப் பேர் மிகக் குறைவு. தவிர, தான் உருட்டிக்கொண்டோமா இல்லையா என்பதை யாரிடமும் மறைக்க முடியாது. வலியைக் குறைக்கும் என்று நம்பிச் செய்கிறவருக்கு வலி குறைவாகத் தோன்றும். 2019-இல் இப்படிப்பட்ட 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பின் உருட்டியவர்களுக்கு வலியுணர்வு சராசரியாக 6 சதவீதம் குறைந்திருந்தது, பலம் குறைவதும் 4 சதவீத அளவுக்குத் தடுக்கப்பட்டிருந்தது. நாளைக்கே மறுபடி போட்டியில் ஓட வேண்டியவருக்கு இது பெரிய விஷயம். வாரத்தில் மூன்று நாள் ஜிம் போகிறவருக்கு அநேகமாகத் தெரியக்கூட தெரியாது. சேதமான இழை இதனால் சீக்கிரம் கூடிவிடுவதாக எந்தச் சோதனையும் உறுதியாகக் காட்டவில்லை. அதைச் செய்வது தூக்கமும் சாப்பாடும் இடைவெளியும்தான். ரோலர் வலியின் உணர்வைக் குறைக்கிறது, அவ்வளவே.

இனி நேரம். அந்தச் சோதனையின் 20 நிமிடத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். தொடையின் நான்கு பக்கமும் பிட்டமும் என ஐந்து இடங்கள், இரண்டு கால்கள். ஓர் இடத்தில் 45 விநாடி உருட்டல், 15 விநாடி ஓய்வு, முழுச்சுற்று இரண்டு முறை. பிரித்துப் பார்த்தால் ஒரு தசைக்கு ஒரு தடவையில் கிடைத்தது 90 விநாடி மட்டுமே. பல ஆய்வுகளை ஒப்பிட்டவர்களும் மறுநாள் வலிக்கு ஒரு தசைக்குக் குறைந்தது 90 விநாடி என்றே சொல்கிறார்கள். பயிற்சிக்கு முன் வளைவுக்காக என்றால் 30 விநாடியிலிருந்து ஒரு நிமிடம், வேண்டுமானால் இரண்டு தடவை. அதற்கு மேல் ஒரே தசையில் ஐந்து பத்து நிமிடம் அமர்ந்திருப்பதால் கூடுதலாக எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை. வலிக்கிற தசை எதுவோ அதை மட்டும் உருட்டினால் போதும், உடம்பு முழுக்க உருட்டத் தேவையில்லை.

முன்தொடையை உருட்டும் முறை இது. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி, ரோலரைத் தொடையின் மேற்பகுதியில், இடுப்பு எலும்புக்குக் கீழே வையுங்கள். முழங்காலுக்கு நான்கு விரல் மேலே வரை மெதுவாக உருண்டு திரும்புங்கள். ஒரு பக்கம் போக இரண்டு முதல் நான்கு விநாடி ஆக வேண்டும். அழுத்தம் அதிகமாகத் தோன்றினால் மறுகாலைத் தரையில் ஊன்றி எடையைக் குறையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால்தான் பலன் என்பது தவறு. லேசான, நடுத்தர, கடுமையான அழுத்தம் என மூன்று விதமாக உருட்டிப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில் மூன்றிலும் வளைவு ஒரே அளவில்தான் கூடியது. மூச்சைப் பிடிக்காமல் செய்ய முடிகிற அளவே சரியான அளவு. மறுநாள் அந்த இடம் கன்றிப்போனால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

முழங்காலின் பின்குழியிலும் கழுத்திலும் இடுப்பின் பின்பகுதியிலும் ரோலரை வைக்காதீர்கள். எலும்பு முறிவு, ஆறாத புண் உள்ள இடத்தை உருட்டவே கூடாது. எலும்புத் தேய்மானம், புடைத்த நரம்புச் சுருள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போதல், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தல் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். கடைசியாக ஒன்று. இரண்டு கால்களும் ஒரே மாதிரி கடுத்து மூன்று நான்கு நாளில் தணிந்தால் அது பயிற்சியின் வலி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் உள் நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கக்கூடும். அதை உருட்டினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அன்று ரோலரைத் தொடாமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.