மாதவிடாய் நின்ற பின் இரத்தக் குழாய்கள்

வைகைப் பாசன வாய்க்கால்களில் வண்டல் படிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளிலும் இப்படித்தான் கொழுப்பு படிகிறது. குழாயின் ஆரம் பாதியானால் இரத்த ஓட்டமும் பாதியாகும் என்று எண்ணுவீர்கள். அதே அழுத்தத்தில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும்! ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது.

நம் நாட்டுப் பெண்களில் பலருக்கு 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. தமனியின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரியச் செய்ய இந்த ஹார்மோன் துணைபுரிந்து வந்தது. கெட்ட கொழுப்பையும் அடக்கி வைத்திருந்தது. ஆகவே அது குறைந்தபின் படிவு விரைகிறது.

அப்படியானால் ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் இதயம் பிழைக்குமல்லவா? மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் நம்பினர். மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததும் உண்மை. ஆனால் அவர்களில் பலர் முன்பே உடல்நலத்தில் அக்கறை கொண்டவர்கள். நன்மை மாத்திரையாலா, அக்கறையாலா என்று எப்படிப் பிரித்தறிவது?

சீட்டுக் குலுக்கித்தான்! அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். (அந்த ஈஸ்ட்ரோஜன் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது!) 2002இல் சோதனையை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில், வெற்று மாத்திரைக்காரர்களில் 30 பேருக்கு இதய நோய் தாக்கியது. மற்றவர்களில் 37 பேருக்கு. நாளங்களில் இரத்தம் உறைந்தவர்கள் முறையே 16, 34. மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது.

இரத்தம் உறைவானேன்? விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. உறைவுக்கான புரதங்களைச் செய்யும் பட்டறை அதுதான். அங்கே ஹார்மோன் செறிவாக வந்து சேர்ந்ததும் உற்பத்தி கூடுகிறது. தோலில் ஒட்டும் பட்டை வழியே செலுத்தினால் ஹார்மோன் முதலில் இரத்தத்தில் கலந்து பரவிவிடுகிறது. அதனால் இந்த அபாயம் குறைவு.

அச்சோதனைப் பெண்களின் சராசரி வயது 63. அவர்களில் பலருக்கு முன்பே படிவு இருந்திருக்கும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு 643 பெண்களின் கழுத்துத் தமனிச் சுவரைக் கேளா ஒலியால் அளந்தது. மாதவிடாய் நின்று 6 ஆண்டுகளுக்குள் ஹார்மோன் தொடங்கியவர்களுக்குச் சுவர் தடிப்பது மந்தமானது. 10 ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களுக்குப் பலனில்லை. ஆனால் அளந்தது சுவரின் தடிப்பைத்தான், மாரடைப்பை அல்ல. ஆகையால் இன்று மருத்துவர்கள் இதயத்தைக் காக்க இம்மருந்தைத் தருவதில்லை. உடல் தகிப்பும் வியர்வையும் தாங்க முடியாதவர்களுக்கே பெரும்பாலும் தருகிறார்கள்.

இம்மருந்து சாப்பிடும் அம்மாவுக்கோ அத்தைக்கோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால் உறைகட்டி நுரையீரலை அடைத்திருக்கக்கூடும். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.