அப்பா நான்கு முறை வாசலுக்கு வந்தார்

2024 டிசம்பர் கடைசியில் எங்கள் குடும்பத்தின் நான்கு போன்களில் கிடந்த வீடியோக்களையெல்லாம் ஒரே கணினியில் கொட்டினேன். மொத்தம் 638 இருந்தன. பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது அந்த வருடத்தை ஐந்து நிமிடப் படமாகத் தொகுத்துக் காட்ட வேண்டும் என்பது அண்ணன் எனக்குக் கொடுத்த வேலை. "நீதான் பொறுமையா உக்காந்து பாப்பே" என்றார்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஜனவரியில் தொடங்கி தேதிவாரியாக அடுக்கிக்கொண்டே வந்தேன். மே மாதத்தில் வண்டி நின்றுவிட்டது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் மூன்றே நாளில் 171 வீடியோ எடுத்திருந்தோம். பிப்ரவரி முழுவதற்கும் இருந்தவை ஒன்பது. தேதிப்படி போனால் அது வருடத்தின் படமாக இல்லாமல், முன்னும் பின்னும் கொஞ்சம் வால் ஒட்டிய கல்யாண வீடியோவாகத்தான் வரும். விசேஷ நாளில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. சும்மா இருக்கும் செவ்வாய்க்கிழமையில் யாரும் எடுப்பதில்லை. அதனால் தேதி வரிசை விசேஷங்களின் பக்கமே சாய்கிறது.

தேதியும் முழுதாக நம்பக்கூடியதாக இல்லை. போன் கேமரா எடுத்த வீடியோவின் பெயரில் எடுத்த நாளே பெரும்பாலும் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ `VID-20240609-WA0012.mp4` என்பது போன்ற பெயரோடு சேமிக்கப்படுகிறது. அதிலுள்ள தேதி, அது வந்து சேர்ந்த நாள். ஏப்ரலில் குலதெய்வம் கோயிலில் அண்ணன் மகனுக்கு மொட்டை போட்டதை அத்தை ஜூன் மாதம்தான் அனுப்பினார். வரிசைப்படுத்தியபோது அந்த மொட்டை, பள்ளி திறந்த நாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் நான் தேதி வரிசையைக் கைவிட்டதற்கு உண்மையான காரணம் ஆகஸ்ட். ஆகஸ்டில் அப்பா போய்விட்டார். தேதிப்படி தொகுத்த படத்தில் முதல் மூன்று நிமிடம் எங்கு பார்த்தாலும் அவர் இருந்தார். அதன்பின் ஒரு வெட்டு. அப்புறம் அவர் இல்லவே இல்லை. அம்மா முன்னால் அதைப் போட்டுக்காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் கருப்பொருள் வாரியாகத் தொகுக்கலாம் என்று நினைத்தேன். அங்கேயும் முதலில் தவறினேன். 'அன்பு', 'மகிழ்ச்சி', 'உறவு' என்று ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 'மகிழ்ச்சி'க்குள் முந்நூறு வீடியோ சேர்ந்துவிட்டது. போனைத் தூக்கினாலே முகங்கள் சிரிக்கும்போது அந்தத் தலைப்பு எதையும் சலித்துத் தராது. கருப்பொருள் என்பது விரல் நீட்டிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்: ஓர் இடம், ஒரு பொருள், அல்லது ஒரு செயல்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. சோவியத் இயக்குநர் ஜிகா வெர்டோவின் 'மேன் வித் எ மூவி கேமரா' என்ற மௌனப் படம் 1929இல் வந்தது. அதைத் தொகுத்தவர் அவர் மனைவி எலிசவெட்டா ஸ்விலோவா. அவர் வேலை செய்வதையே படத்தில் காணலாம். ஃபிலிம் சுருள்கள் வகைவாரியாகப் பெயர் ஒட்டிய அலமாரித் தட்டுகளில் இருக்கும், அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். அதே படத்தில் திருமணப் பதிவு, மணமுறிவு, பிறப்பு, சவ ஊர்வலம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிப் பின்னி வருகின்றன. எந்த நாளில் எடுத்தது என்ற கேள்வியே பார்ப்பவருக்கு எழாது. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று ஏன் இருக்கிறது என்பதுதான் மனதில் ஓடும்.

அலமாரிக்குப் பதில் நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். சராசரி இருபது நொடி என்றால் 638 வீடியோவைப் பார்க்க மூன்றரை மணி நேரம். நிறுத்தி நிறுத்தி எழுதியதில் நான்கு மாலைகள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: பெயரின் கடைசி எண்கள், யார், என்ன செய்கிறார், எந்த நொடி நன்றாக இருக்கிறது. என்ன நிகழ்ச்சி என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. 'கொடைக்கானல் டூர்' என்று எழுதினால் அது மறுபடி தேதிக்கே இழுத்துப் போகும். '3107, அத்தை, தலை துவட்டுகிறார், 12ஆவது நொடி' என்று எழுதினால் அந்த வரி இன்னொரு வரியைத் தேடிப் போகும். இரண்டாம் நாள் மாலைக்குள் நோட்டே சொல்ல ஆரம்பித்துவிட்டது. யாரோ வாசலில் நிற்பது, செருப்பைக் கழற்றுவது, கேட்டைத் திறப்பது என்று மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தன. அதை யாரும் நினைத்து எடுக்கவில்லை. யாராவது வரும்போதும் கிளம்பும்போதும் தானாகவே போனைத் தூக்கியிருக்கிறோம்.

ஒரு கருப்பொருள் தேறுமா என்று பார்க்க ஓர் அளவுகோல் வைத்தேன். அதில் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும், நான்கு மாதங்களிலிருந்தாவது வீடியோ வர வேண்டும். 'மழை' என்று பதினான்கு அழகான வீடியோ வைத்திருந்தேன். எல்லாமே ஒரே மாலையில், ஒரே மொட்டைமாடியில் எடுத்தவை. அது மழை நாள் என்ற ஒரு நிகழ்ச்சிதான், கருப்பொருள் ஆகாது. மனசில்லாமல் ஒதுக்கினேன். கடைசியில் தேறியவை ஐந்து: கை, தூக்கம், ஊட்டுவது, தண்ணீர், வாசல்.

ஐந்து நிமிடம் என்றால் முந்நூறு நொடி. பேச்சில்லாத காட்சிக்கு மூன்று நொடி போதும். கண் அதற்குள் பார்த்துவிடும். யாராவது பேசினால் அந்த வாக்கியம் முடியும் வரை விட வேண்டும், எட்டு ஒன்பது நொடி ஆகும். அறுபது மௌனக் காட்சிகள், பதினான்கு பேச்சுக் காட்சிகள், ஆக 74. ஒரே வீடியோ இரண்டு ஃபோல்டருக்கும் பொருந்தினால், எதில் ஆள் குறைவோ அதற்குக் கொடுத்தேன்.

ஒரு ஃபோல்டருக்குள் எதை எதன்பின் வைப்பது என்பதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. அசைவைப் பார்த்துச் சேர்த்தால் நன்றாக ஒட்டும். மார்கழியில் அண்ணியின் கை கோலத்தில் கடைசி வளைவைச் சுற்றி இழுக்கிறது. அந்த வளைவு முடிவதற்குள் வெட்டினேன். அடுத்ததில் அம்மாவின் கை தோசைக்கல்லில் மாவை அதே பக்கமாகச் சுற்றித் தேய்க்கிறது. அது முடிவதற்குள் அண்ணன் மகனின் கை பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுகிறது. மூன்றும் வெவ்வேறு மாதம், வெவ்வேறு வீடு. அசைவு முழுதும் நின்றபின் வெட்டினால் மூன்று தனி வீடியோவாகவே தெரியும். ஓடும்போதே வெட்டினால் ஒரே கை மாறிக்கொண்டே போவதுபோல் இருக்கும்.

தேதியைக் கலைத்ததற்கு ஒரு விலையும் உண்டு. அண்ணன் மகனின் தலைதான் என்னை மாட்டிவிட்டது. ஒரு காட்சியில் மொட்டை, அடுத்ததில் நெற்றியில் விழும் முடி, அதற்கடுத்து மறுபடி மொட்டை. சோதனைக்குப் பார்த்த அண்ணி, "என்ன, இவனுக்கு ரெண்டு தடவை மொட்டை போட்ட மாதிரி இருக்கு?" என்றார். இரண்டு மொட்டைக் காட்சிகளுக்கு நடுவே வேறு ஆட்களின் மூன்று காட்சிகளை வைத்ததும் அந்தக் கேள்வி வரவில்லை. குழந்தை நடை பழகுவது, வீடு எழும்புவது போன்று ஒன்றிலிருந்து ஒன்று வளர்வதை மட்டும் கலைக்கக் கூடாது. அண்ணன் மகளின் முதல் நடை நான்கு துண்டுகளாக இருந்தது. அவற்றைத் தேதி வரிசையிலேயே விட்டேன்.

இன்னொரு தொல்லை, நெட்டுக்குத்தாக எடுத்த வீடியோக்கள். டிவியில் அவை நடுவில் ஒரு பட்டையாக நிற்கும், இரு பக்கமும் கறுப்பு. நெட்டுக்குத்து வீடியோ மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டிவித் திரை ஏறக்குறைய சரியாக நிரம்புகிறது. மூன்றும் அசைந்தால் எதைப் பார்ப்பது என்று கண் திணறும். அதனால் இதைத் 'தூக்கம்' பகுதிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ரயிலில் தலை சாய்ந்த அத்தை, புத்தகத்தின் மேல் கவிழ்ந்த பையன், ஈஸிசேரில் அப்பா. மூவரும் ஒரே திரையில் தூங்குகிறார்கள்.

பாட்டைக் கடைசியில்தான் சேர்த்தேன், அதையும் யாராவது பேசும் இடத்தில் அடக்கினேன். எங்கள் வீட்டுக் கேட் திறக்கும்போது கிறீச்சிடும். 'வாசல்' பகுதியில் படம் மாறுவதற்கு அரை நொடி முன்பே அந்தச் சத்தத்தை வரவிட்டேன். காது முதலில் கேட்கிறது, பிறகுதான் கண் ஆளைப் பார்க்கிறது. வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒருவர் வருவது அப்படித்தானே தெரியும்.

முடித்தபின் நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எத்தனை முறை வருகிறார் என்று எண்ணினேன். அண்ணி இரண்டே முறை. பாதிக்கு மேல் எடுத்தவரே அவர்தான். எடுப்பவர் படத்தில் இருப்பதில்லை. அவருடைய "இங்க பாருடா, இங்க பாரு" என்ற குரல் பல வீடியோவில் இருந்தது. படத்தின் முதல் ஒலியாக அதை வைத்தேன்.

'வாசல்' பகுதியில் அப்பா நான்கு முறை வருகிறார். ஒன்றில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் நடந்து போகிறார். அதைக் கடைசிக் காட்சியாக வைக்கத்தான் கை போனது. பார்ப்பவர்கள் அழுவார்கள் என்று தெரியும். அதற்காக மட்டும் வைப்பது தப்பு என்று பட்டது. அதை நடுவில் வைத்துவிட்டு, பிப்ரவரியில் எடுத்த ஒன்றைக் கடைசிக்குக் கொண்டுவந்தேன். பால் பாக்கெட்டோடு கேட்டைத் திறந்து வருகிறார், செருப்பைக் கழற்றுகிறார், போனைப் பார்த்து "இதைப் போய் எடுக்கிறியா?" என்கிறார். அந்த மாதத்தின் ஒன்பது வீடியோவில் அது ஒன்று. தேதிப்படி அடுக்கியபோது நான் தள்ளிவிட்டிருந்தேன்.

பொங்கலன்று மாலை போட்டோம். அம்மா அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்று முறை போட்டோம்.

படத்தில் சேராத 564 வீடியோவில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, நோட்டையும் அதோடு கட்டி அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறேன். நீங்களும் தொகுத்து முடித்த கையோடு மிச்சத்தை அழித்துவிடாதீர்கள்.