காற்று நின்றால் வால்வு எந்தப் பக்கம் போகும்?

எரிவாயுவில் ஓடும் நீராவிக் கொதிகலன் ஒன்றில் இரண்டு கண்ட்ரோல் வால்வுகளைப் பார்ப்போம். ஒன்று பர்னருக்கு எரிவாயு விடுவது. மற்றொன்று ட்ரம்முக்குத் தண்ணீர் விடுவது. இரண்டையும் அசைப்பது கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுதான். கம்ப்ரசர் நின்று குழாயில் காற்று இறங்கிவிட்டால், எரிவாயு வால்வு மூடிக்கொள்ள வேண்டும், தண்ணீர் வால்வு திறந்துகொள்ள வேண்டும். தண்ணீர் நின்று நெருப்பு மட்டும் எரிந்தால் சில நிமிடங்களில் குழாய்கள் காய்ந்து உருகத் தொடங்கும்.

இந்த முடிவை அந்த நேரத்தில் எடுப்பது ஸ்பிரிங். வால்வின் தலையில் உள்ள டயாப்ரத்தை ஒரு பக்கம் காற்று தள்ளுகிறது, மறுபக்கம் ஸ்பிரிங் தள்ளுகிறது. காற்று போனால் ஸ்பிரிங் ஜெயிக்கும். காற்று திறக்க, ஸ்பிரிங் மூடினால் அது 'ஏர்-டு-ஓபன்'. எரிவாயுவுக்கு இதுதான். காற்று மூட, ஸ்பிரிங் திறந்தால் 'ஏர்-டு-க்ளோஸ்'. அது தண்ணீருக்கு. வால்வை வாங்கும்போதே இது தீர்மானமாகிவிடுகிறது.

பிறகு பொசிஷனர் எதற்கு? ஸ்டெம்மைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங் அதை இறுக்கிப் பிடிக்கிறது. டயாப்ரத்தின் பரப்பு 650 சதுர சென்டிமீட்டர், உராய்வு 30 கிலோ விசை என்று வைத்துக்கொள்வோம். அதை வெல்லவே சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.05 கிலோ அழுத்தம் வேண்டும். வால்வு முழுதாக நகர 0.2-லிருந்து 1.0 கிலோ வரை, அதாவது 0.8 கிலோ வீச்சுதான் இருக்கிறது. ஆக நூற்றுக்கு ஆறு பங்கு பிழை. பாதி திற என்றால் 44-இலோ 56-இலோ நிற்கும். பொசிஷனர் ஒரு லீவரால் ஸ்டெம் எங்கே நிற்கிறது என்று அளந்துபார்க்கிறது. கேட்ட இடத்துக்கு வராவிட்டால், வரும்வரை காற்றைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும்.

கட்டளை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக வருகிறது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. காற்று போவது ஒரு விபத்து, கம்பி அறுந்து மின்னோட்டம் போவது வேறொன்று. இரண்டிலும் வால்வு ஒரே பக்கம் போக வேண்டும்.

தண்ணீர் வால்வில் 4-க்கு முழுத்திறப்பு, 20-க்கு மூடல் என்பதுதான் இயல்பு. திரையில் 100 என்றால் திறந்திருக்க வேண்டும் என்று பழகிய ஆபரேட்டருக்கு இது தலைகீழாகத் தோன்றும். அதனால் யாராவது பொசிஷனரையே தலைகீழாக, மின்னோட்டம் குறையக் குறையக் காற்று கூடும்படி அமைத்துவிடுவார்கள். திரை சரியாகிவிடும், வால்வும் நன்றாகவே ஓடும். ஆனால் ஒருநாள் கம்பி அறுந்தால், மின்னோட்டம் பூஜ்யம், காற்று முழுவீச்சு, தண்ணீர் வால்வு அடைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் நன்றாக இருந்தும் பயனில்லை. தலைகீழாக்குவதைக் கண்ட்ரோலரின் வெளியீட்டில் செய்ய வேண்டும், பொசிஷனரைத் தொடக்கூடாது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும், கொதிகலன் நின்றிருக்கும்போது. முதலில் வால்வைப் பாதியில் நிறுத்திக் காற்றை மூடிப் பார்க்க வேண்டும். பிறகு காற்றைத் திரும்பவிட்டு, சிக்னல் கம்பியைக் கழற்ற வேண்டும். பல இடங்களில் முதல் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டிலும் சிக்காத ஒரு கோளாறும் உண்டு. பொசிஷனருக்குள் மெல்லிய நாசில் ஒன்றிலிருந்து காற்று கசிந்துகொண்டிருக்கும். அதன் முன்னே ஒரு தகடு நெருங்கியும் விலகியும் அழுத்தத்தை மாற்றும். கம்ப்ரசர் எண்ணெயோ ஈரமோ நாசிலை அடைத்துவிட்டால், தகடு ஒட்டிக்கொண்டதாக நினைத்துப் பொசிஷனர் முழுக் காற்றையும் அனுப்பும். எரிவாயு வால்வு முழுதாகத் திறந்து நிற்கும். காற்றும் கம்பியும் இருப்பதால் ஸ்பிரிங்குக்கு வேலையே வராது. காற்று உள்ளே போகும் சிறு துவாரம் அடைந்தால் மட்டும் வெளியீடு விழுந்து ஸ்பிரிங் பக்கம் போகும். ஒரே அழுக்கு, எங்கே அடைகிறது என்பதைப் பொறுத்து எதிரெதிர் விளைவு.

அதனால்தான் எரிவாயு வரிசையில் பொசிஷனருக்கும் டயாப்ரத்துக்கும் நடுவே சாலினாய்டு வால்வு ஒன்றை வைப்பது வழக்கம். ட்ரம்மில் நீர் இறங்கினாலோ பர்னர் அணைந்தாலோ அதன் மின்சாரம் துண்டிக்கப்படும். பொசிஷனர் என்ன சொன்னாலும் டயாப்ரத்தின் காற்றை அது வெளியே விட்டுவிடும், ஸ்பிரிங் மூடிவிடும். கண்ட்ரோல் வால்வு இறுக அடைக்காது என்பதால், எரிவாயுவை முற்றிலும் நிறுத்தத் தனியே ஷட்-ஆஃப் வால்வுகளும் இருக்கும்.

தண்ணீர் வால்வு எப்போதுமே திறந்தே போக வேண்டும் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த நீராவி டர்பைனுக்குப் போகிறது என்றால், ட்ரம் நிரம்பி வழிந்து நீர்த்துளிகள் இறக்கைகளில் மோதும். அப்படிப்பட்ட இடங்களில் காற்று போனால் இருந்த நிலையிலேயே வால்வைப் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் சிலர் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே டயாப்ரத்தில் அடைபட்ட காற்று மெல்லக் கசிவதற்குள் ஆபரேட்டர் கைச்சக்கரத்தை எட்டிவிட வேண்டும்.